பயிற்றுநர் மாறிய அணிக்கு என்ன விலை?

2021 சனவரி 25 அன்று இலண்டன் மாநகரின் செல்சி கால்பந்துக் கழகம், தன் பயிற்றுநர் பிராங்க் லாம்பார்டைப் பதவியிலிருந்து விலக்கியது. மறுநாள் செருமானியரான தாமஸ் டூக்கல் அப்பொறுப்பை ஏற்றார். அதற்கும் மறுநாள் இரவு வுல்வர்ஹாம்ப்டன் அணியோடு ஆட்டம். புதியவர் தம் வீரர்களோடு பயிற்சிக் களத்தில் நின்றது ஒரேயொரு முறை. ஆனால் அன்றிரவு ஆட்டத்துக்கும் விலை குறிக்கப்பட்டாக வேண்டும். செல்சி வெல்லுமா, சமன் செய்யுமா, தோற்குமா, எத்தனை கோல் விழும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணைக் கணிப்பவர் கையில் இருந்தவையெல்லாம் பழைய ஆட்டங்களின் கணக்குகளே. அவற்றில் எத்தனை பங்கு இன்னும் உண்மை?

பருவத்தின் நடுவில் பயிற்றுநர் மாறும்போதெல்லாம் இவ்வினா எழுகிறது. இதை ஆராய்வதற்குச் செல்சியின் அந்தப் பருவத்தைப் போல ஒழுங்காக அமைந்த சான்று அரிது. பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். லாம்பார்டு சரியாக 19 ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். டூக்கலும் சரியாக 19 ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். மற்ற 19 அணிகளையும் இருவரும் ஆளுக்கு ஒரு முறை எதிர்கொண்டனர். சொந்தத் திடலில் லாம்பார்டுக்கு 9 ஆட்டங்கள், டூக்கலுக்கு 10. பெருந்தொற்றுக் காலமாதலால் பெரும்பாலான ஆட்டங்களில் பார்வையாளரும் இல்லை. எதிரிகள் எளியவர்களா வலியவர்களா என்ற வழக்கமான ஐயம் இங்கே பெரிதும் நீங்கிவிடுகிறது.

விலையும் மதிப்பீடும்

இங்கே விலை என்பது நிகழ்தகவின் மறுவடிவம். ஒரு நிகழ்வு நடக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு என்றால் அதன் நேர்மையான விலை 2.00. வாய்ப்பு 25 விழுக்காடு என்றால் விலை 4.00. ஒன்றை நிகழ்தகவால் வகுத்தால் விலை கிடைக்கும். பந்தய நிறுவனங்கள் இதற்கும் சற்றுக் குறைவான விலையை அறிவித்து, அந்த இடைவெளியைத் தம் ஊதியமாக வைத்துக்கொள்ளும். நாம் பேசப் போவது அந்த ஊதியம் சேராத நேர்மையான விலையைப் பற்றியது.

நிகழ்தகவைக் கணிக்க அணியின் வலிமை தெரிய வேண்டும். அதை அளக்க இரு மரபுகள் உண்டு. ஒன்று, சதுரங்கத்துக்காக அர்பாத் ஈலோ வகுத்த முறை. அது அணிக்கு ஒரே ஓர் எண்ணைத் தந்து, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அதைச் சிறிது ஏற்றும் அல்லது இறக்கும். மற்றொன்று, கோல்களின் வழியாக அளப்பது. 1982இல் மைக்கேல் மாகர் வகுத்து, 1997இல் மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்சும் செம்மைப்படுத்திய முறை அது. அதில் ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் வலிமை, தடுப்பு வலிமை என இரண்டு எண்கள். அவற்றிலிருந்து ஓர் ஆட்டத்தில் ஓர் அணி அடிக்கக்கூடிய கோல்களின் சராசரி கிடைக்கும். அச்சராசரியைப் பாய்சான் பரவலில் இட்டால், 0 கோல், 1 கோல், 2 கோல் என ஒவ்வொன்றின் வாய்ப்பும் கிடைத்துவிடும்.

பழைய ஆட்டங்கள் மெல்ல மெல்ல மறக்கப்பட வேண்டும் என்பதும் டிக்சன், கோல்சு இருவரும் சேர்த்த கருத்தே. அவர்களுடைய கணக்கில் ஓர் ஆட்டத்தின் எடை பாதியாகக் குறைய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். அமைதியான காலத்துக்கு இது பொருத்தம். அணிகள் ஒரே வாரத்தில் உருமாறிவிடுவதில்லை. அளவுக்கு மீறி விரைவாக மறக்கும் மதிப்பீடு, தற்செயலான தோல்விகளுக்கெல்லாம் அதிர்ந்து ஆடும். ஆனால் இந்த மெதுவான மறதி, நேற்றைய அணியும் இன்றைய அணியும் ஏறக்குறைய ஒன்றே என்ற எண்ணத்தின் மீது நிற்கிறது. பயிற்றுநர் மாறிய நாளில் அந்த எண்ணம் ஆட்டங்காணுகிறது. கணிப்பொறிக்கோ அது தெரியாது. வுல்வர்ஹாம்ப்டன் ஆட்டத்தன்று அது வைத்திருந்த செல்சி முழுவதும் லாம்பார்டின் செல்சி.

முதல் மயக்கம்: தானே மீளும் அணி

பழைய மதிப்பீட்டை நம்பிக் கெடுவது ஒரு பிழை. அதைத் தூக்கி எறிந்து கெடுவது அதனினும் பரவலான பிழை. ஆகவே முதலில் பின்னதைப் பார்ப்போம்.

லாம்பார்டின் 19 ஆட்டங்களை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் 11 ஆட்டங்களில் செல்சி 6 வென்று, 4 சமன் செய்து, 1 தோற்று 22 புள்ளிகள் பெற்றது. ஓர் ஆட்டத்துக்குச் சரியாக 2 புள்ளிகள். திசம்பர் 5 அன்று லீட்சை வென்ற இரவில் பட்டியலின் உச்சியிலும் நின்றது. அடுத்த 8 ஆட்டங்களில் 5 தோல்விகள். புள்ளிகள் 7 மட்டுமே. இந்த 8 ஆட்டங்களின் முடிவில்தான் பயிற்றுநர் நீக்கப்பட்டார்.

இனி டூக்கலின் 19 ஆட்டங்களைப் பாருங்கள். 11 வெற்றி, 5 சமன், 3 தோல்வி. புள்ளிகள் 38. ஓர் ஆட்டத்துக்குச் சரியாக 2. லாம்பார்டின் முதல் 11 ஆட்டங்களின் விகிதமும் இதுவே!

கடைசி 8 ஆட்டங்களை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு டூக்கலின் வருகை ஒரு மந்திரமாகத் தோன்றும். முதல் 11 ஆட்டங்களையும் நினைவில் வைத்திருப்பவருக்கு, சரிந்த அணி தன் பழைய நிலைக்கு மீண்டதாகத் தோன்றும். முந்தைய பருவத்தில் இதே லாம்பார்டின் கீழ் செல்சி 38 ஆட்டங்களில் 66 புள்ளிகள் பெற்றிருந்தது. அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.74. அவருடைய இரண்டாம் பருவத்துப் பாதியில் அது 1.53. புதியவரிடம் 2.00. இந்த 0.47 புள்ளி உயர்வில், 1.74 வரையிலான 0.21 பங்கு வழக்கமான நிலைக்குத் திரும்புதல் என்றே கொள்ளத்தக்கது. யார் வந்திருந்தாலும், லாம்பார்டே நீடித்திருந்தாலும், அந்தப் பங்கு பெரும்பாலும் வந்திருக்கும்.

இதற்குப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். தொடர்ந்து சில ஆட்டங்களில் அணி தோற்பதற்குக் காரணம் பாதி திறமைக்குறைவு, பாதி தீவினை. தீவினை அடுத்த மாதமும் அதே அளவில் தொடர வேண்டும் என்ற நியதி இல்லை. ஆனால் கழகங்கள் பயிற்றுநரை நீக்குவது பெரும்பாலும் பள்ளத்தின் அடியில் நிற்கும்போதுதான். பள்ளத்தின் அடியிலிருந்து எத்திசையில் நடந்தாலும் மேடுதானே?

நெதர்லாந்து முதற்பிரிவின் 14 பருவங்களை ஆராய்ந்த யான் வான் ஊர்சு, மார்ட்டின் வான் டெயில் என்னும் பொருளியலாளர் இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. அணி எதிர்பார்ப்புக்கு எவ்வளவு கீழே ஆடியது என்பதை அளக்க அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் பந்தய விலைகளே. பின்னர், அதே அளவு சரிந்தும் பயிற்றுநரை நீக்காத அணிகளை ஒப்பீட்டுக்கு எடுத்தனர். நீக்கிய அணிகள் முன்னேறின. நீக்காத அணிகளும் அதே போல முன்னேறின. நீக்கத்தால் சராசரியாகத் தனிப்பயன் ஏதும் விளைந்ததாகத் தெரியவில்லை.

இதிலிருந்து விலை குறிப்பவர் பெறும் பாடம் ஒன்று உண்டு. பயிற்றுநர் மாற்றம் அறிவிக்கப்பட்ட நாளில் ஓர் அணியின் மதிப்பை உயர்த்த வேண்டியிருந்தால், புதியவர் வந்தார் என்பதற்காக உயர்த்த வேண்டியதில்லை. சென்ற எட்டு ஆட்டங்களுக்கு மதிப்பீடு அளவுக்கு மீறி எடை தந்திருந்தால், அந்த மிகை எடையை எடுத்தாலே போதும்.

இரண்டாம் மயக்கம்: வலிமை வேறு, வடிவம் வேறு

அப்படியானால் டூக்கல் எதையுமே மாற்றவில்லையா? மாற்றினார். ஆனால் புள்ளிப் பட்டியலில் மட்டும் கண்ணை வைத்திருப்பவருக்கு அது புலப்படாது.

லாம்பார்டின் 19 ஆட்டங்களில் செல்சி 33 கோல் அடித்து 23 கோல் வாங்கியது. டூக்கலின் 19 ஆட்டங்களில் 25 அடித்து 13 வாங்கியது. அணி வலுவடைந்தது என்கிறோம், ஆனால் அடித்த கோல்கள் 8 குறைந்திருக்கின்றன. வாங்கிய கோல்கள் 10 குறைந்திருக்கின்றன. இரு பக்கமும் சேர்ந்து 56 கோல் விழுந்த இடத்தில் 38 மட்டுமே விழுந்தன. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 3 கோல் என்றிருந்தது சரியாக 2 ஆயிற்று.

இது எப்படி நேர்ந்தது என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. டூக்கல் பின்களத்தில் மூவரை நிறுத்தினார். அவர்களுக்கு முன்னே இரண்டு நடுக்கள வீரர்கள். இரு விளிம்புகளிலும் ஏறி இறங்கும் ஒவ்வொருவர். பந்து ஐந்தில் நான்கு பங்கு நேரம் செல்சியிடமே இருந்தது. ஆயினும் முடிவு 0-0. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பறிபோன கணத்தில் எதிரி பாய வழியின்றி ஐவரைப் பின்னே காவல் நிறுத்தும் ஆட்டம் அது. அதில் எதிரிக்கு வாய்ப்பு குறையும். அதற்கு ஈடாகத் தன் தாக்குதலிலும் ஆட்கள் குறைவர்.

முதல் 10 ஆட்டங்கள் முடிந்து மார்ச்சு 13 அன்று நாட்டு அணிகளின் ஆட்டங்களை ஒட்டி லீக்கில் ஓர் இடைவெளி வந்தது. அதுவரை டூக்கலின் கணக்கு 11 கோல் அடித்தது, 2 கோல் வாங்கியது. இது தற்செயலா? பாய்சான் பரவலைக் கொண்டே சோதிக்கலாம். பழைய விகிதப்படி ஆட்டத்துக்கு 1.21 கோல் வாங்கும் அணி, 10 ஆட்டங்களில் 12 கோல் வாங்கும் என எதிர்பார்க்கலாம். அவ்வணி 2 கோலோ அதற்கும் குறைவாகவோ வாங்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒன்று. நற்பேறு என்று இதைத் தள்ளிவிட இயலாது. தடுப்பு உண்மையாகவே மாறியிருக்கிறது.

வெற்றி தோல்விகளில் தெளிவாகத் தெரியாத மாற்றம் வாங்கிய கோல்களில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அணிக்கு ஒற்றை எண் தரும் மதிப்பீட்டின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. 3-2 என வெல்லும் அணியும் 1-0 என வெல்லும் அணியும் அதற்கு ஒன்றே.

எவ்வளவு மறப்பது?

மார்ச்சு மாத இறுதியில், அடுத்த ஆட்டத்துக்கு விலை குறிக்க ஒருவர் அமர்கிறார் என்று கொள்வோம். அவர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. கணக்கை எளிமையாக்க, எதிரி சராசரி அணி என்றும் சொந்தத் திடலின் ஆதாயம் எவருக்கும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, லாம்பார்டின் 19 ஆட்டங்களை மட்டும் நம்புவது. அடிப்பது 1.74, வாங்குவது 1.21. இரண்டாம் வழி, டூக்கலின் 10 ஆட்டங்களை மட்டும் நம்புவது. அடிப்பது 1.10, வாங்குவது 0.20. ஒரு பருவம் முழுவதும் ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு கோல் மட்டுமே வாங்கிய அணி பிரீமியர் லீக்கில் இருந்ததில்லை. மாற்றம் உண்மையே என்றாலும், 2 என்ற எண்ணுக்குள் நற்பேறும் கலந்தே இருக்கிறது.

மூன்றாம் வழி, பழையதைப் பாதி எடையில் வைத்துப் புதியதை முழு எடையில் சேர்ப்பது. வீரர்கள் பழையவர்களே, ஆட்டமுறை புதிது. ஆகவே பழைய சான்று பாதி செல்லும் என்பது நியாயமான தொடக்கம். கணக்கு இவ்வாறு அமையும்:

```
ஆட்டங்கள்:        19 × 0.5 + 10 = 19.5
அடித்த கோல்கள்:   33 × 0.5 + 11 = 27.5
வாங்கிய கோல்கள்:  23 × 0.5 + 2  = 13.5

அடிப்பது:   27.5 / 19.5 = 1.41
வாங்குவது:  13.5 / 19.5 = 0.69
```

இப்போது இந்த எண்களை விலையாக மாற்றுவோம். முதலில் வெற்றி. பழைய எண்களின்படி, சராசரி எதிரியைச் செல்சி வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. விலை 2.01. கலப்பு எண்களின்படி வாய்ப்பு 54 விழுக்காடு. விலை 1.84. நான்கு விழுக்காடு மாற்றம்தான். சமனாகும் வாய்ப்பு 24இலிருந்து 27 ஆகிறது. தோல்வி வாய்ப்பு 27இலிருந்து 18க்கு இறங்குகிறது. வெற்றிக்கு மட்டும் விலை குறித்தவர், பழைய எண்ணையே வைத்திருந்தாலும் பெரிதாகக் கெட்டிருக்கமாட்டார்.

அடுத்து, ஆட்டத்தில் மொத்தம் 3 கோலோ அதற்கு மேலோ விழுமா என்ற வினா. பழைய எண்களின்படி மொத்தச் சராசரி 2.95. வாய்ப்பு 57 விழுக்காடு, விலை 1.77. கலப்பு எண்களின்படி மொத்தச் சராசரி 2.10. வாய்ப்பு 35 விழுக்காடு, விலை 2.85. புதிய 10 ஆட்டங்களை மட்டும் நம்பினால் சராசரி 1.30. வாய்ப்பு 14 விழுக்காடு, விலை 7.00.

1.77, 2.85, 7.00. ஒரே அணி, ஒரே நாள், மூன்று விலைகள்! வெற்றி விலையில் சிறு நடுக்கமாக இருந்தது, கோல் எண்ணிக்கை விலையில் நிலநடுக்கமாகிறது. பயிற்றுநர் மாற்றத்தின் சுவடு பெரும்பாலும் அணியின் வலிமையில் அன்று, ஆட்டத்தின் வடிவத்தில் பதிகிறது. மதிப்பீடு எங்கே பொய்க்கும் என்று தேடுபவர் முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.

வெஸ்ட் பிராம்விச் தந்த பாடம்

மார்ச்சு இறுதியில் குறித்த விலையைப் பின்வந்த ஆட்டங்கள் சோதித்தன. முதல் சோதனையே கடுமையானது. ஏப்ரல் 3 அன்று, பட்டியலின் அடியில் தத்தளித்துக் கொண்டிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், செல்சியை அதன் சொந்தத் திடலில் 5-2 என வீழ்த்தியது. முந்தைய 10 லீக் ஆட்டங்களில் 2 கோல் வாங்கிய அணி, ஒரே பகலில் 5 வாங்கியது.

கணிப்பொறி இதைக் கண்டு தடுப்பு மதிப்பை உடனே தாழ்த்தும். மனிதர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 27ஆம் நிமிடத்தில் செல்சி 1-0 என முன்னிலை பெற்றது. 29ஆம் நிமிடத்தில் அதன் தடுப்பாளர் தியாகோ சில்வா இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். ஐந்து கோல்களும் அதன் பிறகே விழுந்தன. பதினொருவர் ஆடும் செல்சியைப் பற்றி அந்த ஆட்டம் சொன்னது முதல் 29 நிமிடங்கள் மட்டுமே. எஞ்சிய ஒரு மணி நேரம் பதின்மர் ஆடும் வேறோர் அணியைப் பற்றியது. நேர்மையான கணக்கில் அந்தப் பகுதிக்கு மிகக் குறைந்த எடையே தரவேண்டும்.

பயிற்றுநர் மாறிய அணிக்கு இந்தக் கவனம் இரு மடங்கு தேவை. காரணம் எளிது. நூறு ஆட்டங்களின் சேமிப்பு உள்ள அணிக்கு ஒரு பிறழ்ந்த முடிவு கடலில் கரைத்த பெருங்காயம். புதிய பயிற்றுநரின் சேமிப்போ பத்து ஆட்டங்கள். அங்கே ஒரு சிவப்பு அட்டை கணக்கு முழுவதையும் சாய்த்துவிடும்.

அந்த ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சிய 8 ஆட்டங்களைப் பார்த்தால், செல்சி 12 கோல் அடித்து 6 கோல் வாங்கியது. ஆட்டத்துக்கு அடித்தது 1.50, வாங்கியது 0.75. நாம் பாதி எடை வைத்துக் கண்ட எண்கள் 1.41, 0.69. வாங்கும் கோல்களுக்குப் பழையதை மட்டும் நம்பிய கணிப்பு 1.21 என்றது. புதியதை மட்டும் நம்பிய கணிப்பு 0.20 என்றது. இரண்டும் தொலைவில் நின்றன.

இந்த ஒற்றுமையை வைத்துப் பெருமை கொள்வதற்கில்லை. எட்டு ஆட்டங்கள் சிறு தொகுதி. நம் கணிப்புக்கு மாறான சான்றும் அங்கே உண்டு. இடைவெளிக்குப் பின் வந்த 9 ஆட்டங்களில் 5 ஆட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ கோல்கள் விழுந்தன. 35 விழுக்காடு வாய்ப்பு என்ற நம் கணக்குப்படி, அப்படி ஐந்தோ அதற்கு மேலோ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. கணிப்பைத் தள்ளிவிடும் அளவுக்கு அரிதன்று. கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அளவுக்கு ஆறுதலுமன்று. ஆனால் விலை 7.00 என்று குறித்தவருக்கு இந்த ஒன்பது ஆட்டங்கள் பெருங்கேடு.

கோலுக்கு முன்னே தெரிபவை

பத்து ஆட்டங்கள் வரும்வரை காத்திருக்க முடியாதே, இரண்டாம் ஆட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். கோல் அரிதாக நிகழ்வது. ஆதலால் அதன் வழியே உண்மை மெதுவாகவே வெளிப்படும். அதற்கு முன்னே வெளிப்படுபவை வேறு சில.

முதலில் தெரிவது ஆட்ட அமைப்பு. ஆட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு வெளியாகும் வீரர் பட்டியலிலேயே அது தெரிந்துவிடும். நால்வர் பின்களம் மூவர் பின்களமாக மாறியிருந்தால், பழைய தடுப்பு எண்ணின் எடையை அப்போதே குறைக்கலாம். பழைய அமைப்பும் பழைய பதினொருவரும் அப்படியே தொடர்ந்தால் பழைய எண்ணையும் பெரிதும் தொடரவிடலாம். அடுத்துத் தெரிவது, எதிரிக்குக் கிடைத்த வாய்ப்புகளின் எண்ணிக்கையும் தரமும். ஓர் ஆட்டத்தில் கோல் ஒன்றிரண்டு விழும் இடத்தில் இலக்கை நோக்கிய அடிகள் பத்துப் பதினைந்து இருக்கும். எண்ணிக்கை மிகுதியாதலால் மூன்று நான்கு ஆட்டங்களிலேயே அதில் ஒரு போக்கு தெரியத் தொடங்கும். எதிரியின் அடிகள் குறையாமல் கோல்கள் மட்டும் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் நற்பேறு. அடிகளும் சேர்ந்து குறைந்திருந்தால் அது பெரும்பாலும் பயிற்றுநரின் கைவண்ணம்.

பாதி எடை என்பதும் எங்கும் பொருந்தும் விதியன்று. பழையவரின் துணைவரே பொறுப்பேற்று அதே முறையைத் தொடர்ந்தால் முக்கால் பங்கு வைக்கலாம். சனவரிச் சந்தையில் பல வீரர்கள் மாறி, ஆட்டமுறையும் தலைகீழானால் கால் பங்கு போதும். எடையை மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, விலை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது நன்று. அதிகம் அசைந்தால், நமக்கு இன்னும் தெரியவில்லை என்றே பொருள். நம்பிக்கையோடு விலை சொல்லும் வேளை அதுவன்று.

இக்கட்டுரையின் கணக்கு முழுவதும் வெற்றியில் முடிந்த ஒரு மாற்றத்தை வைத்து எழுதப்பட்டது என்பதையும் வாசகர் மறக்கலாகாது. டூக்கலின் செல்சி நான்காம் இடத்தில் பருவத்தை முடித்து, மே 29 அன்று போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று ஐரோப்பிய வாகையும் சூடியது. அதனாலேயே அந்த மாற்றம் எல்லார் நினைவிலும் நிற்கிறது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில் அதே கழகம் கிரகாம் பாட்டரை நீக்கியது. பருவத்தின் எஞ்சிய நாள்களுக்கு இடைக்காலப் பொறுப்பேற்றவர் அதே லாம்பார்டு. அவர் நடத்திய 9 லீக் ஆட்டங்களில் 1 வெற்றி, 2 சமன், 6 தோல்வி. கழகம் 44 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. புதியவர் வந்ததும் அணி எழும் என்று விலையைத் திருத்தியவர் அம்முறை ஆறு தோல்விகளையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஆகவே முடிபு இதுதான். பயிற்றுநர் மாறிய நாளில், புதியவர் வந்தார் என்பதற்காக வெற்றி விலையைத் தொடாதீர்கள். அணி சரிந்த சில வாரங்களுக்குத் தந்த மிகை எடையை மட்டும் நீக்குங்கள். தாக்குதலையும் தடுப்பையும் தனித்தனியே பிரித்து, பழைய எண்களைப் பாதியாக்கி, புதியவற்றை ஆட்டம் ஆட்டமாகச் சேருங்கள். செல்சியின் அந்தப் பருவத்தில் பழைய மதிப்பீடு மிகப் பெரிதாகப் பொய்த்த இடம், அணி வெல்லுமா என்பதிலன்று, அந்த ஆட்டத்தில் எத்தனை கோல் விழும் என்பதிலேயே.